பயணக் கணக்கை எழுதிப் போட்டும் காசு வரவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

போன ஆவணியில் கிளிநொச்சியில் இருந்து பத்துப் பேர் ஒரு வான் பிடித்து நிலாவெளிக்குப் போய், ஒரு இரவு தங்கி வந்தோம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மறுநாள் காலையில் சிலர் மட்டும் படகில் புறாத் தீவு. ஏற்பாடு செய்தவன் நான். பெரும்பாலான செலவு என் கையால்தான் போனது. திரும்பி வந்த இரவே குழுவில் இப்படி எழுதிப் போட்டேன்:

> வணக்கம் உறவுகளே! மறக்கவே முடியாத ஒரு பயணம்! வந்த எல்லாருக்கும் நன்றி. மொத்தச் செலவு 119,000. பத்தால் பிரிச்சா ஆளுக்கு 11,900. அட்வான்ஸ் 5,000 கழிச்சு எல்லாரும் 6,900 கெதியாப் போட்டு விடுங்கோ. என்ர எக்கவுண்ட் நம்பர் (இந்த இடத்தில் இலக்கம், வங்கி, கிளை எல்லாம் ஒரே வரியில்). சிலர் அட்வான்சும் தரேல்ல. ஆரெண்டு அவையளுக்குத் தெரியும். அடுத்த முறை மன்னார்ப் பக்கம் போவம்!

நாலு நாள் ஆகியும் இரண்டு கட்டைவிரலும் ஒரு 6,900 ரூபாவும்தான் வந்தன. அந்தக் காசை அனுப்பியவர்தான் உண்மையில் எல்லாரையும்விடக் குறைவாகத் தர வேண்டியவர் என்பது பிறகுதான் விளங்கியது. இந்த ஒரு மெசேஜில் பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் வெளியே ஒவ்வொரு விதமாகத் தெரியும். உங்கள் குழுவில் எது தெரிகிறதோ அந்த இடத்தில் இருந்து வாசியுங்கள்.

பெயர்களை இங்கே எழுதவில்லை. ஆட்களை ஊர்ப் பெயரால் சொல்கிறேன்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை

முதலில் உண்மையாகவே பார்த்தார்களா என்று பாருங்கள். நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், வாட்ஸப் யார் யார் வாசித்தார்கள் என்று காட்டும். தனி உரையாடலில் நீல சரிக் குறியை நிறுத்தி வைத்திருப்பவர்களும் குழுவில் தப்ப முடியாது, அங்கே அந்தக் குறி எப்படியும் விழும். எனக்கு ஒன்பது பேரும் வாசித்ததாகவே காட்டியது.

வாசித்தும் சும்மா இருக்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் "எல்லாரும்" என்ற சொல்தான். "எல்லாரும் போட்டு விடுங்கோ" என்று எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர்கள் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலியாண வீட்டில் "ஆராவது போய்த் தண்ணி கொண்டு வாங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். "தம்பி, நீ போ" என்றால் போவான்.

திருத்தம்: ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் அவருடைய பெயர், அவர் இனித் தர வேண்டிய தொகை. அட்வான்சைக் கழிக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள், கழித்த பிறகு மிஞ்சுவதை எழுதுங்கள். தான் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒருவர் தன் பெயரைத் தேடிப் பார்த்த ஒரு நொடியில் அறிய வேண்டும். அதற்கு மேல் யோசிக்க வேண்டி வந்தால் "பின்னேரம் பார்ப்பம்" என்று போனை வைத்துவிடுவார்.

நன்றியும் நினைவுகளும் கணக்கோடு சேர வேண்டாம். நீண்ட மெசேஜை வாட்ஸப் பாதியில் மடித்துவிடும். மறக்க முடியாத பயணம் மேலே தெரியும், 6,900 மடிப்புக்குள்ளே போய்விடும். படங்களோடு நன்றியை ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிட்டால் கணக்கு தனியாக நிற்கும்.

காசு வராமல் கேள்வி வருகிறது, அல்லது யாரோ தனியாக முணுமுணுக்கிறார்

என் மெசேஜின் உண்மையான நோய் இதுதான். மாங்குளம் அக்கா மூன்றாம் நாள் தனியாக எழுதினார்: "தம்பி, நான் அறையில நிக்கேல்லத்தானே?" அவரும் ஒட்டுசுட்டான் நண்பனும் இரவு திருகோணமலையில் உறவினர் வீட்டில் தங்கியவர்கள். நான் பத்தால் பிரித்ததில் அவர்கள் நிலாவெளி அறைக்கும் காசு கட்ட வேண்டி வந்தது. கடலைக் கண்டாலே தலை சுற்றும் என்று கரையில் நின்ற கண்டாவளைக்காரர் புறாத் தீவுப் படகுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது.

இதைச் சொற்களால் சரிசெய்ய முடியாது. எவ்வளவு பணிவாக எழுதினாலும் கணக்குப் பிழையாக இருந்தால் ஆட்கள் பிழை என்று சொல்லவும் மாட்டார்கள், சினேகிதத்துக்குள் 3,000 ரூபாவுக்கு வாய் திறக்க வெட்கப்படுவார்கள். பேசாமல் இருப்பார்கள், காசும் வராது. ஆகவே மெசேஜைத் தொடுமுன் கணக்கைப் பிரியுங்கள்.

நான் ரசீதுகளையும் போனில் குறித்ததையும் எடுத்துச் செலவை நாலு கட்டாகப் பிரித்தேன். டீசலோடு வானும், சாரதிக்குக் கொடுத்ததும் சேர்த்து 50,000. வானில் பத்துப் பேரும் இருந்தார்கள், ஆளுக்கு 5,000. சாப்பாடு 30,000, அதுவும் பத்துப் பேருக்கும் பொது, ஆளுக்கு 3,000. மூன்று அறைகள் 24,000, தங்கியவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 3,000. படகு 15,000, போனவர்கள் ஆறு பேர், ஆளுக்கு 2,500. புறாத் தீவு தேசியப் பூங்கா என்பதால் உள்ளே போக ஆளுக்கு ஆள் நுழைவுச்சீட்டு வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அது கூடிய விலை. கனடாவில் இருந்து லீவில் வந்த பரந்தன்காரர் எங்களோடு இருந்ததால் சீட்டை அவரவர் காசில் எடுக்கச் சொல்லியிருந்தேன். நான் முன்கூட்டி யோசித்த ஒரே விசயம் அது.

இப்படிப் பிரித்தபோது எல்லாவற்றிலும் இருந்தவருக்கு 13,500, படகுக்குப் போகாதவருக்கு 11,000, அறையில் தங்காமல் படகுக்குப் போன மாங்குளம் அக்காவுக்கு 10,500, இரண்டிலும் இல்லாத ஒட்டுசுட்டானுக்கு 8,000 என்று வந்தது. நாலு விதமாக வந்தாலும், முதல் வகையில் ஐந்து பேர், இரண்டாவதில் மூன்று பேர், மற்ற இருவர் என்று கூட்டினால் மறுபடி 119,000 சரியாக நிற்கிறது. இந்தக் கூட்டிப் பார்க்கும் வேலையைத் தவற விடாதீர்கள். ஆட்களின் பங்குகளைக் கூட்டியது மொத்தச் செலவுக்குச் சமமாக வராவிட்டால், எங்கோ ஒருவரை இரண்டு தரம் எண்ணியிருப்பீர்கள் அல்லது விட்டிருப்பீர்கள்.

அடுத்தது, யார் ஏற்கெனவே என்ன கொடுத்தார் என்பது. எட்டுப் பேர் ஆளுக்கு 5,000 அட்வான்ஸ் தந்திருந்தார்கள். முள்ளியவளை தரவில்லை. விசுவமடு அண்ணை மட்டும் வழியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு 12,000 ரூபாவைத் தன் பையில் இருந்து கொடுத்திருந்தார். இதை நான் முதல் மெசேஜில் முற்றாக மறந்துபோனேன். அவர் கொடுத்தது 17,000, பங்கு 11,000. அவருக்கு 6,000 திரும்ப வர வேண்டும், நானோ அவரிடம் 6,900 கேட்டிருந்தேன்! அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூத்தவர்கள் இப்படித்தான். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் மரியாதை இல்லை என்று விட்டுவிடுவார்கள். அதனால் கணக்குப் போடுமுன் "வழியில ஆராவது கையில இருந்து குடுத்தீங்களா?" என்று ஒரு கேள்வியைக் குழுவில் போட்டு ஒரு நாள் விடுங்கள். மூத்தவர்களிடம் தனியாகவே கேளுங்கள்.

பிழையைத் திருத்தும்போது பழைய மெசேஜை ஓசைப்படாமல் மாற்றி எழுத நினைக்க வேண்டாம். வாட்ஸப் 15 நிமிடத்துக்குள்தான் திருத்த விடும், அதற்குப் பிறகு முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது, பழைய தொகையை மனதில் வைத்திருப்பவர் அதையே அனுப்புவார். புதிய மெசேஜின் முதல் வரியிலேயே முந்தியது பிழை என்று சொல்லிவிட வேண்டும். ஏன் பிழைத்தது என்று பந்தி பந்தியாக விளக்கத் தேவையில்லை.

"போடுறன், நம்பரை அனுப்பு" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

இது நல்ல அறிகுறி. தர மனம் இருக்கிறது, வழியில் ஏதோ தடுக்கிறது. போனில் ஒரு மெசேஜை அழுத்திப் பிரதி எடுத்தால் முழு மெசேஜும் வரும். நீளமான கணக்குக்குள் இலக்கம் இருந்தால் வங்கிச் செயலியில் ஒட்டும்போது கடிதம் முழுவதும் ஒட்டும். ஆகவே வெறும் இலக்கம் மட்டும் ஒரு தனி மெசேஜ். இடைவெளி, கோடு, முன்னே பின்னே ஒரு சொல்லும் வேண்டாம். அதற்கு முந்தைய மெசேஜில் வங்கியும் கிளையும், அப்புறம் கணக்கில் உள்ள பெயர்.

பெயரை நான் முதலில் எழுதவில்லை. எங்கள் பக்கம் ஆட்களை வீட்டுப் பெயரால்தான் அறிவோம், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயருடைய முதலெழுத்தோடு வேறொரு பெயர் இருக்கும். பத்து வருடம் பழகிய தருமபுரம் நண்பனுக்கு என் பதிவுப் பெயர் தெரியாது. அனுப்பும்போது பெயர் கேட்டதும் அவன் பயந்துபோய் நிறுத்திவிட்டான். வங்கிப் புத்தகத்தில் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

போனில் அனுப்பாதவர்களுக்கு இன்னொரு வழி வேண்டும். வயலில் நிற்கும் ஒருவர் 6,000 ரூபாவுக்காகக் கிளிநொச்சிக்கு பஸ் ஏறி வங்கி வரிசையில் நிற்க மாட்டார். "சந்தைப் பக்கம் வந்தா தம்பியின்ர கடையில குடுங்கோ" என்று ஒரு வரி சேர்த்தேன். இருவர் அப்படித்தான் கொடுத்தார்கள்.

காசு வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை

என் பட்டியலில் 8,500 தர வேண்டியவர்கள் மூன்று பேர். கணக்கில் 8,500 விழுந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது, காசு வைப்பு இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள், பெயர் இல்லை. நான் பரந்தன்காரர் என்று நினைத்து அவருக்கு நன்றி சொன்னேன். அவர் கொஞ்சம் திகைத்து "நான் இன்னும் போடேல்லையே" என்றார். போட்டது முரசுமோட்டை.

தொகையின் கடைசியில் ஆளுக்கு ஒரு ரூபா கூட்டி அடையாளம் வைக்கலாம் என்று சிலர் செய்வார்கள், ஒருவருக்கு 8,501, மற்றவருக்கு 8,502 என்று. போனில் அனுப்புபவர்களுக்கு அது சரி. இயந்திரம் நோட்டு மட்டும்தான் வாங்கும், ஒரு ரூபாவை அதில் போட முடியாது. ஆகவே "போட்டவுடன சிலிப்பை ஒரு படம் எடுத்து எனக்குத் தனிய அனுப்புங்கோ" என்று கேட்பதே எளிது. தனியாக என்ற சொல் முக்கியம். சிலிப்பில் கணக்கு விவரமும் சில வேளை மீதியும் இருக்கும், அது குழுவுக்கு எதற்கு?

குழு திடீரென்று அமைதியாகிவிட்டது

கணக்கும் சரி, இலக்கமும் சரி, ஆனால் பேச்சு நின்றுவிட்டது என்றால் எந்த வரியோ யாரையோ குத்தியிருக்கிறது. என் மெசேஜில் அது "சிலர் அட்வான்சும் தரேல்ல. ஆரெண்டு அவையளுக்குத் தெரியும்". தராதவர் ஒருவர்தான். "சிலர்" என்றதும் தந்த எட்டுப் பேரும் தங்களையா சொல்கிறான் என்று ஒரு கணம் யோசித்திருப்பார்கள், தராதவருக்கோ பத்துப் பேர் முன்னால் தலை குனிவு. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதைப் பொதுவில் சாடையாகச் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். வாய்ப் பேச்சில் சிரிப்போடு போகும் சாடை, எழுத்தில் வந்தால் அப்படியே நிற்கும்.

வேறு சில சொற்களும் உரசும். "கெதியா" என்றால் அவசரப்படுத்துவதுபோல் இருக்கும், அதற்குப் பதில் ஒரு திகதி போடுங்கள். "கடன்", "பாக்கி" என்று எழுதினால் ஆள் கடன்காரர் ஆகிவிடுகிறார். "உங்கட பங்கு" என்றால் அது எல்லாருக்கும் உள்ளது. "இனியாவது" என்பதை எந்த வரியிலும் விடாதீர்கள். குழுவில் அண்ணையும் அக்காவும் இருந்தால் "போடு மச்சான்" எல்லாருக்கும் பொருந்தாது. "போடுங்கோ" ஒருவரையும் நோகடிக்காது. மறுபக்கம், "மன்னிக்க வேணும், கேக்கிறதுக்கு வெக்கமா இருக்கு" என்று நெளிந்து நெளிந்து எழுதினாலும் பிழைதான். கேட்பவருக்கே வெட்கமான காசு என்றால் தருபவருக்கு அது தராவிட்டாலும் பரவாயில்லாத காசு.

திகதியை எப்படி வைப்பது? ஆவணியில் இரணைமடுவின் கீழ் சிறுபோக வெட்டு நடக்கும் காலம். நெல் வெட்டி, வியாபாரி காசு தரும் வரை கமக்காரரின் கை வெறுமை. ஆசிரியருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் சம்பளம் வர வேண்டும். "இந்த வெள்ளிக்குள்ள" என்றால் பாதிப் பேருக்கு முடியாது, முடியாததை வெளியே சொல்லவும் மாட்டார்கள். நான் மாத முடிவைத் திகதியாக வைத்து, அதற்குள் கஷ்டமானவர்கள் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு கதவைத் திறந்து விட்டேன்.

இவ்வளவும் திருத்திய பிறகு இரண்டாம் மெசேஜ் இப்படி நின்றது:

> நிலாவெளிப் பயணக் கணக்கு. முந்திப் போட்ட 6,900 பிழை, அதை விடுங்கோ. பிழை என்ர.
>
> வான் 50,000 (10 பேர்), சாப்பாடு 30,000 (10 பேர்), அறை 24,000 (தங்கின 8 பேர்), படகு 15,000 (போன 6 பேர்). மொத்தம் 119,000. அட்வான்ஸ் கழிச்சு இனி வர வேண்டியது:
>
> பரந்தன் 8,500
> தருமபுரம் 8,500
> முரசுமோட்டை 8,500
> முள்ளியவளை 13,500
> கண்டாவளை 6,000 (இதை நேர விசுவமடு அண்ணைக்கு அனுப்புங்கோ)
> உருத்திரபுரம் 6,000
> மாங்குளம் அக்கா 5,500
> விசுவமடு அண்ணை: மத்தியானச் சாப்பாட்டுக்கு 12,000 குடுத்தவர். அவருக்கு 6,000 வரும், கண்டாவளையிட்ட இருந்து.
> ஒட்டுசுட்டான்: 6,900 வந்தது, அட்வான்ஸ் போகப் பங்கில மிச்சம் 3,000தான். 3,900 இண்டைக்கே திருப்பி அனுப்புறன்.
>
> மாத முடிவுக்குள்ள போட்டால் உதவியா இருக்கும். சந்தைப் பக்கம் வந்தா தம்பியின்ர கடையில குடுக்கலாம். போட்டவுடன சிலிப்பைத் தனிய அனுப்புங்கோ. கணக்கில பிழை கண்டாலும், திகதி கஷ்டமெண்டாலும் எனக்குத் தனியச் சொல்லுங்கோ.

கீழே வங்கி, கிளை, பெயர் ஒரு மெசேஜ். அதன் கீழே வெறும் இலக்கம். கணக்கைக் குழுவின் மேலே குத்தி வைத்தேன், 30 நாள் வரை அப்படி வைக்கலாம்.

கண்டாவளைக்காரரை நேராக விசுவமடு அண்ணைக்கு அனுப்பச் சொன்னது இரண்டு தொகையும் தற்செயலாக ஒன்றாக இருந்ததால்தான். காசு ஒரு கை குறைவாக மாறும். ஆனால் அனுப்பிவிட்டேன் என்று அனுப்பியவர் சொன்னால் போதாது, கிடைத்தது என்று வாங்கியவர் சொன்ன பிறகே அந்த வரியை மூட வேண்டும். தொகைகள் பொருந்தாத இடத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள், ஒருவர் இரண்டு பேருக்குப் பிரித்து அனுப்பச் சொன்னால் ஒன்றை மறப்பார்.

எனக்கு வர வேண்டியதை நான் தனியாக ஒரு தரம் கணக்குப் பார்த்துக்கொண்டேன். மொத்தச் செலவில் மற்றவர்கள் கொடுத்த 52,000 போக நான் போட்டது 67,000. என் பங்கு 13,500. ஆகவே என் கைக்கு நிகரமாக 53,500 வர வேண்டும். மேலே உள்ள பட்டியலில் வர வேண்டியவை 56,500, ஏற்கெனவே வந்த 6,900, இரண்டையும் கூட்டி, விசுவமடுவின் 6,000, ஒட்டுசுட்டானின் 3,900 கழித்தால் அதே 53,500. பொருந்தாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

திகதி கடந்துவிட்டது, இன்னும் இருவர்

காசு வரவர அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரிக் குறி போட்டுப் பட்டியலை மறுபடி போட்டேன். நாலைந்து பேர் மிச்சம் இருக்கும்வரை இது வேலை செய்யும். இரண்டு பெயருக்குக் குறி இல்லாத நிலை வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் போட்டால் அது பட்டியலாகத் தெரியாது, இரண்டு பேரைச் சந்தியில் நிறுத்தியதுபோல் தெரியும்.

மிச்சம் நின்றவர்கள் தருமபுரமும் முள்ளியவளையும். தருமபுரத்துக்கு நான் ஏற்கெனவே சொன்ன பெயர்ச் சிக்கல்தான், ஒரு கோலில் முடிந்தது. முள்ளியவளைக்கு எழுதவில்லை, எடுத்துக் கதைத்தேன். அட்வான்ஸ் தராததை அவரே சொன்னார். அந்த மாதம் மகளின் வகுப்புக் காசு, உரக் கடைக் கணக்கு எல்லாம் ஒன்றாக வந்திருக்கிறது. 13,500 ஐ ஒரேயடியாகக் கேட்டது பிழை என்று அப்போதுதான் தோன்றியது. மற்றவர்கள் இரண்டு தவணையில் கொடுத்ததை அவர் ஒரு தவணையில் கொடுக்க வேண்டியிருந்தது. "இப்ப 5,000, மிச்சம் நெல் காசு வந்தாப்பிறகு" என்று முடிவாயிற்று. பேசி முடித்ததை இரண்டு வரியில் அவருக்குத் தனியாக எழுதி அனுப்பினேன், இரண்டு பேரும் மறக்காமல் இருக்க:

> அண்ணை, கதைச்சபடி இப்ப 5,000, நெல் காசு வந்தாப்பிறகு 8,500. திகதி நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்க மாட்டன்.

கடைசித் தொகை புரட்டாதி நடுப்பகுதியில் தம்பியின் கடைக்கு வந்தது. குழுவில் "நிலாவெளிக் கணக்கு முடிஞ்சுது, ஆரும் ஆருக்கும் தர ஒண்டும் இல்லை" என்று போட்டுவிட்டு, குத்தி வைத்திருந்த மெசேஜை எடுத்துவிட்டேன்.